பழைய காரை ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் இன்சூரன்ஸ் பாலிசி தானாக முடிந்துவிடுமா? கட்டிய பிரீமியம் திரும்பக் கிடைக்குமா?

முருகவேல், திருப்பூர் (14 செப்டம்பர் 2025)

வணக்கம். என்னிடம் 2010ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஆல்டோ இருக்கிறது. வருகிற அக்டோபர் மாதக் கடைசியில் ஆர்சிக்குப் பதினைந்து ஆண்டு நிறைகிறது. புதுப்பிக்க ஐயாயிரம் ரூபாய் கட்டணம், அதற்கு முன் தரைத்தகட்டில் பிடித்திருக்கும் துருவுக்கு வெல்டிங், டயர், பெயின்ட் என்று கணக்குப் போட்டால் வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு, 22ஆம் தேதி ஜிஎஸ்டி குறைந்ததும் ஆயுத பூஜைக்குப் புது வண்டி எடுக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

என் சந்தேகம் பாலிசியைப் பற்றியது. ஏப்ரல் 12ஆம் தேதிதான் முழுப் பாலிசி புதுப்பித்தேன். அடுத்த ஏப்ரல் 11 வரை இருக்கிறது. இதுவரை எந்த கிளெய்மும் வாங்கியதில்லை. அதற்கான தள்ளுபடி, என்சிபி, 50 சதவீதம் என்று பாலிசியில் போட்டிருக்கிறது. வண்டி போனால் பாலிசியும் தானாகப் போய்விடுமா? மீதி மாதங்களுக்கான பணம் வருமா? புது வண்டிக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா? ஏஜென்டிடம் கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் வராது, விட்டுவிடுங்கள்" என்கிறார்.

---

ரவிச்சந்திரன் (14 செப்டம்பர்)

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது நண்பரே. ஆர்சி ரத்தானால் பாலிசியும் அதோடு செத்துவிடும், நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரீஃபண்ட் உண்டு, ஆனால் நாள் கணக்கில் தரமாட்டார்கள். ஷார்ட் பீரியட் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் ரத்து செய்தால் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள், இரண்டு மாதம் என்றால் 30, இப்படி மாதத்துக்குப் பத்துப் பத்தாக ஏறும். எட்டு மாதம் தாண்டினால் முழுவதும் அவர்களுக்கே. உங்களுக்கு ஐந்து மாதம் கடந்துவிட்டதால் 70 சதவீதம் போகும், 30 சதவீதம் வரும். என் அண்ணன் 2019இல் வண்டியை விற்றபோது இந்தக் கணக்கில்தான் கொடுத்தார்கள்.

---

ஜெயந்தி, வேளச்சேரி (14 செப்டம்பர்)

எனக்கு ஒரு பைசா கூட வரவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் கார் மூழ்கியது. சர்வேயர் வந்து பார்த்து டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்டார். பாலிசியில் வண்டிக்குப் போட்டிருந்த மதிப்பான ஐடிவி தொகையைக் கொடுத்தார்கள். வண்டியை அவர்களே ஏலத்தில் ஸ்கிராப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். பாலிசியில் ஏழு மாதம் மிச்சம் இருந்தது. மீதிப் பிரீமியம் கேட்டதற்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புது வண்டிக்கு என்சிபியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. அதனால் ஸ்கிராப் என்றாலே எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்பேன்.

---

பாலகிருஷ்ணன், மதுரை (15 செப்டம்பர்)

பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனமொன்றின் மோட்டார் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மூன்று பேர் சொன்னதும் மூன்று வேறு விஷயங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜெயந்தி அம்மா, உங்கள் வண்டி ஸ்கிராப்புக்குப் போனது கிளெய்ம் மூலமாக. வண்டியின் முழு மதிப்பையும் நிறுவனம் கொடுத்துவிட்டது என்றால், அந்த ஆண்டுக்கான பிரீமியம் முழுவதும் அந்த ஒரு கிளெய்முக்கே செலவாகிவிட்டது என்று அர்த்தம். கிளெய்ம் நடந்த பாலிசிக்கு ரீஃபண்ட் கிடையாது. என்சிபியும் அதனால்தான் போனது. முருகவேல் தம்பி கிளெய்ம் எதுவும் வாங்காமல், தானாகவே வண்டியை ஒப்படைக்கிறார். அவருடைய கதை வேறு.

அடுத்து, பாலிசி தானாகச் சாகாது. ஆர்சி ரத்தானதை ஆர்டிஓ அலுவலகம் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, அவர்கள் தேடிப் பிடித்து உங்களுக்குப் பணம் அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தால் ஏப்ரல் 11 வரை காத்திருந்து ஏமாற வேண்டியதுதான். பாலிசி ஏட்டில் அது உயிரோடுதான் இருக்கும். நீங்கள் எழுதிக் கேட்கும் நாளில்தான் ரத்தாகும். பணமும் பெரும்பாலும் அந்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படும்.

ரவிச்சந்திரன் சொன்ன அட்டவணை கற்பனை இல்லை. 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃபில் இருந்தது. நானே நூற்றுக்கணக்கான கோப்புகளில் அதன்படி கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் 2024 ஜூன் 11 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பொதுக் காப்பீட்டுக்கு ஒரு முதன்மைச் சுற்றறிக்கை வெளியிட்டது. தனிநபர் வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, பாலிசியை ரத்து செய்யலாம். ஓராண்டு வரையிலான பாலிசியாக இருந்து, அதில் கிளெய்ம் இல்லாவிட்டால், மீதி நாட்களுக்கு விகிதாசாரப்படி பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அண்ணனின் 2019 அனுபவத்தை இன்றைய கணக்குக்குக் கொண்டுவர முடியாது.

முருகவேல், உங்கள் பாலிசியின் பிரீமியப் பிரிவை இங்கே எழுதுங்கள். உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் எவ்வளவு, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி எவ்வளவு, உரிமையாளர் விபத்துக் காப்பு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும்.

---

முருகவேல் (15 செப்டம்பர்)

மிக்க நன்றி ஐயா. பாலிசியைப் பார்த்து எழுதுகிறேன். ஓன் டேமேஜ், என்சிபி கழித்த பிறகு 860. தேர்ட் பார்ட்டி 2,094. உரிமையாளர் விபத்துக் காப்பு 320. மொத்தம் 3,274. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,863 கட்டியிருக்கிறேன்.

---

பாலகிருஷ்ணன் (15 செப்டம்பர்)

சரி. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 என்பது அரசு நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி கட்டணம், எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அதேதான். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது பெரும்பாலும் ஓன் டேமேஜ்தான்.

செப்டம்பர் 30 அன்று ரத்து ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 12 முதல் அன்றுவரை 172 நாட்கள் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. மிச்சம் 193 நாட்கள். 3,274ஐ 365ஆல் வகுத்து 193ஆல் பெருக்கினால் 1,731 ரூபாய். அதோடு அதற்கான ஜிஎஸ்டி சேர்ந்தால் சுமார் 2,043. பழைய அட்டவணைப்படி என்றால் 30 சதவீதம், அதாவது 982 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,159. கையில் வரும் வித்தியாசம் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் ரூபாய்.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்கள் பணம். அட்டவணைக் கணக்கில் கடிதம் வந்தால் அந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, அதன் பிறகு ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில். அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

---

ரவிச்சந்திரன் (15 செப்டம்பர்)

சுற்றறிக்கை சரிதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் தேர்ட் பார்ட்டி சட்டப்படி கட்டாயம். அதை எப்படி ரத்து செய்ய விடுவார்கள்? வேறு பாலிசி எடுத்ததற்கு ஆதாரம் கொடுத்தால்தான் ரத்து செய்வோம் என்று அவர்களே சொல்வார்கள். அப்படியானால் ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தானே பணம் வரும்? 860க்கு 193 நாள் என்றால் ஜிஎஸ்டி சேர்க்காமல் 455 ரூபாய்தான்.

---

பாலகிருஷ்ணன் (16 செப்டம்பர்)

நல்ல கேள்வி. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஓடும் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி காப்பு இல்லாமல் இருக்கக்கூடாது என்பதால்தான் மாற்றுப் பாலிசி கேட்கிறார்கள். வண்டியே இல்லை என்று ஆனபிறகு அந்தக் கேள்வி எழாது. வண்டி இல்லை என்பதற்கு அவர்கள் ஏற்கும் ஆதாரம் இரண்டு. அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் நிலையம் தரும் டெபாசிட் சான்றிதழ் ஒன்று. அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் உங்கள் பதிவெண்ணின் நிலை ரத்து என்று மாறியிருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் இணைத்து அனுப்பினால் முழுப் பாலிசிக்கும், தேர்ட் பார்ட்டி உட்பட, ரத்து கேட்கலாம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் வண்டியை ஒப்படைக்க வேண்டும், பிறகு சான்றிதழ், பிறகு ஆர்சி ரத்து. பாலிசியைக் கடைசியில்தான் தொட வேண்டும். சில பேர் நாலு நாள் பிரீமியம் மிச்சமாகட்டும் என்று வண்டியை இழுத்துப் போகும் முன்பே ரத்துக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நாலு நாளில் வண்டி தெருவில் நின்று யார் மேலாவது உருண்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை.

---

தாஜுதீன், திண்டுக்கல் (16 செப்டம்பர்)

பாய் ஒருவர் சொல்வதையும் கேளுங்கள். நான் என் பழைய பைக்கை ஊருக்கு வெளியே உள்ள ஒரு காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். அங்கீகரித்த நிலையம் சொன்னதைவிட அவர்கள் விலை அதிகம். ஆர்சி புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நானும் பாலிசியை அப்படியே விட்டுவிட்டேன், அதுவும் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு கரூரிலிருந்து இ-சலான் வருகிறது, ஹெல்மெட் இல்லை என்று! வண்டியை உடைக்கவே இல்லை. யாருக்கோ விற்றிருக்கிறார்கள். ஓட்டியவன் முகம் போட்டோவில் தெரிகிறது, யாரென்றே தெரியாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

---

பாலகிருஷ்ணன் (16 செப்டம்பர்)

தாஜுதீன் பாய், சலானோடு போகிறது என்று அல்லாவுக்கு நன்றி சொல்லுங்கள். அந்த வண்டி யாரையாவது இடித்துச் சாகடித்திருந்தால் நஷ்டஈட்டு வழக்கு உங்கள் பெயருக்குத்தான் வந்திருக்கும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைமாறிவிட்டது, நான் விற்றுவிட்டேன் என்று சொன்னால் தப்பிக்க முடியாது. பாலிசியும் இல்லாத நிலையில் முழுத் தொகையும் சொந்தக் கையிலிருந்துதான். உங்கள் புகாரின் நகலோடு ஆர்டிஓ அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி வண்டி அழிக்கப்பட்டால் பதினான்கு நாட்களுக்குள், அல்லது முடிந்தவரை விரைவாக, பதிவு அலுவலருக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. காயலான் கடைக்காரரின் கடமை இல்லை.

---

முருகவேல் (17 செப்டம்பர்)

இதைக் கேட்டதும் மனம் மாறிவிட்டது. எனக்கும் ஒரு காயலான் கடையில் 26,000 சொன்னார்கள், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் 21,000. அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே கொடுக்கிறேன். டெபாசிட் சான்றிதழ் இருந்தால் புது வண்டிக்கும் சலுகை உண்டு என்கிறார்களே, அது உண்மையா? இன்னொன்று, அந்த 50 சதவீத என்சிபி என்ன ஆகும்?

---

பாலகிருஷ்ணன் (17 செப்டம்பர்)

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய பணம். இரண்டாயிரம் ரூபாய் ரீஃபண்டுக்கு இவ்வளவு பேசினோம். என்சிபியை விட்டுவிட்டால் அதைப் போல மூன்று மடங்கு போய்விடும்.

கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான அந்தத் தள்ளுபடி வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஆல்டோ உடைந்து தகடாகப் போனாலும் உங்கள் 50 சதவீதம் உங்களிடமே இருக்கும். புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 14,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7,000 குறையும். தேர்ட் பார்ட்டி பகுதியில் குறையாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

அதைக் கொண்டுபோக, ரத்துக் கடிதத்திலேயே என்சிபி தக்கவைப்புக் கடிதமும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ரீஃபண்ட் மட்டும் கேட்டால் ரீஃபண்ட் மட்டும்தான் வரும். அந்தக் கடிதம் மூன்று ஆண்டுக்குச் செல்லும், உடனே புது வண்டி வாங்காதவர்களுக்கும் பயன்படும். ஷோரூமில் பாலிசி போடும் முன் அதைக் கொடுக்க வேண்டும். அவர்கள் அவசரத்தில் பூஜ்யம் போட்டு பாலிசியை அச்சடித்துவிட்டால் பிறகு திருத்துவதற்குள் தலைவலி.

உங்கள் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆயுத பூஜை அக்டோபர் 1. அதற்குள் ஆல்டோ பாலிசி ரத்தாகாமல் இருந்து, புதுக் காருக்கு அதே 50 சதவீதத்தைக் கேட்டால், ஒரே தள்ளுபடியை இரண்டு வண்டிக்கும் வைத்திருக்க விடமாட்டார்கள். ஆல்டோ பாலிசியில் கொடுத்த தள்ளுபடியை மீதி நாட்களுக்குத் திரும்ப வசூலித்துவிட்டுத்தான் கடிதம் தருவார்கள். உங்கள் விஷயத்தில் அது சில நூறு ரூபாய்தான், பயப்பட வேண்டாம். ஆனாலும் பழைய வண்டியை முதலில் முடித்துவிடுவதே சுத்தம்.

---

சிவசங்கரி, நாகர்கோவில் (18 செப்டம்பர்)

ஐயா, என் சந்தேகம். எங்கள் வீட்டில் உள்ள பழைய வண்டிக்குப் பல ஆண்டுகளாகத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் எடுக்கிறோம். அதற்கும் என்சிபி கடிதம் கேட்கலாமா? ஒரு கிளெய்மும் எடுத்ததில்லை. மேலும் ஆர்சி அப்பா பெயரில் இருக்கிறது. அவர் போன ஆண்டு காலமாகிவிட்டார். புது வண்டி என் பெயரில் வாங்கப் போகிறேன்.

---

பாலகிருஷ்ணன் (18 செப்டம்பர்)

அம்மா, அப்பாவின் இழப்புக்கு என் வருத்தங்கள்.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த பாலிசிக்கு என்சிபி சேராது. எத்தனை ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினாலும் சரி. அது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி என்பதால் ஓன் டேமேஜ் இல்லாத இடத்தில் அது வளர வழியில்லை. பழைய வண்டிக்காரர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் இருக்கிறார்கள். வண்டி பழசானதும் பிரீமியத்தைக் குறைக்கத் தேர்ட் பார்ட்டிக்கு மாறுகிறார்கள். பிறகு ஸ்கிராப் செய்யும்போது புது வண்டிக்குக் கொண்டுபோக ஒன்றும் இருப்பதில்லை. முருகவேல் சின்னத் தொகை கட்டி ஓன் டேமேஜைத் தொடர்ந்ததால்தான் அவருக்கு அந்த 50 சதவீதம் கையில் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு மீதி நாள் ரீஃபண்ட் கேட்கலாம், அவ்வளவுதான்.

உரிமையாளர் இறந்தால், வண்டியின் பயன்பாடு மனைவி, பிள்ளைகள் அல்லது பெற்றோரிடம் வருமானால் என்சிபியும் அவர்களிடம் வரும் என்று டாரிஃபில் இருக்கிறது. உங்கள் வண்டியில் அது இல்லாததால் இந்த விதி இப்போது உதவாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவட்டும். ஸ்கிராப்புக்குக் கொடுக்கும் முன் ஆர்சியை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டுமா என்பதை நிலையத்திலும் ஆர்டிஓவிலும் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள்.

---

சிவசங்கரி (18 செப்டம்பர்)

நன்றி ஐயா. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அவனுடைய சம்மதக் கடிதமும் வேண்டியிருக்கும் போல. திங்கட்கிழமை ஆர்டிஓவுக்குப் போய் விசாரிக்கிறேன்.

---

கதிரவன், ஓசூர் (19 செப்டம்பர்)

டெபாசிட் சான்றிதழுக்கான சலுகையைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். சாலை வரியில் 25 சதவீதம் தள்ளுபடி, பதிவுக் கட்டணம் இலவசம், கார் கம்பெனி 5 சதவீதம் தள்ளுபடி. மூன்றும் சேர்த்தால் நல்ல தொகை. தவிர இப்போது இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டியே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள், 22ஆம் தேதி முதல்.

---

பாலகிருஷ்ணன் (19 செப்டம்பர்)

கதிரவன் தம்பி, கொஞ்சம் பொறுமை. ஜிஎஸ்டி நீக்கம் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான். மோட்டார் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது.

வரித் தள்ளுபடி பற்றி 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில் இருப்பது "25 சதவீதம் வரை". சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு 25 வரை, வாடகை, சரக்கு வண்டிகளுக்கு 15 வரை. சாலை வரி மாநில அரசின் வருமானம் என்பதால் எவ்வளவு, எப்படி என்பது அந்தந்த மாநிலத்தின் ஆணையைப் பொறுத்தது. ஷோரூம் கொடுக்கும் ஆன்ரோடு விலைப்பட்டியலில் சாலை வரி என்ற வரியைப் பாருங்கள். டெபாசிட் சான்றிதழ் எண்ணைச் சேர்த்த பிறகு அந்தத் தொகை குறைகிறதா என்பதுதான் சோதனை. சேல்ஸ்மேன் வாயால் சொல்வது கணக்கில் வராது.

கம்பெனித் தள்ளுபடியில் 5 சதவீதம் என்பது அரசு சொன்ன ஆலோசனை. 2024 ஆகஸ்டில் கார் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டது 1.5 சதவீதம் அல்லது இருபதாயிரம், எது குறைவோ அது. ஆறு லட்சம் விலையுள்ள கார் என்றால் ஒன்பதாயிரம் ரூபாய். கடந்த ஆறு மாதத்துக்குள் ஸ்கிராப் செய்த வண்டியாக இருக்க வேண்டும், எக்சேஞ்ச் தள்ளுபடியோடு சேர்த்து வாங்க முடியாது. அதுவும் அப்போது ஓராண்டுக்கு என்றுதான் சொன்னார்கள். அந்த ஓராண்டு போன மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போதும் தருகிறார்கள் என்றால் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

---

கதிரவன் (19 செப்டம்பர்)

ஐயா, என் மாமா பெங்களூரில் வண்டி எடுத்தபோது வரியில் குறைத்தார்கள் என்று சொன்னார். இங்கே ஏன் குறையாது?

---

ரவிச்சந்திரன் (19 செப்டம்பர்)

பெங்களூர் வேறு மாநிலம் தம்பி. அதைத்தான் ஐயா சொல்கிறார். சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் லாபம் எவ்வளவு என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். என் மைத்துனரிடம் 2009 டெம்போ நிற்கிறது.

---

ஜெயந்தி, வேளச்சேரி (20 செப்டம்பர்)

பாலகிருஷ்ணன் ஐயா சொன்ன பிறகுதான் எனக்கு வித்தியாசம் புரிகிறது. ஒரே ஒரு கேள்வி. என் தங்கையின் ஸ்கூட்டர் 2022இல் வாங்கியது. ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி ஒன்றாகக் கட்டியிருக்கிறாள். அது விபத்தில் முற்றிலும் நொறுங்கி, கிளெய்ம் கேட்காமல் ஸ்கிராப்புக்கே கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஏதாவது வருமா?

---

பாலகிருஷ்ணன் (20 செப்டம்பர்)

வரும். கேட்கச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட பாலிசியில், காப்பு இன்னும் தொடங்காத ஆண்டுகளுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. மாதம் எது என்று நீங்கள் சொல்லவில்லை. 2022 நவம்பரில் வாங்கியிருந்தால் இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது, நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பணம் முழுவதும் திரும்பி வர வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆண்டின் மிச்ச மாதங்களுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆர்சி ரத்து ஆதாரம் இல்லாமல் மட்டும் போக வேண்டாம். விபத்தில் வேறு யாருக்காவது அடிபட்டு தேர்ட் பார்ட்டி வழக்கு இருந்தால் நிலைமை மாறும், அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

முருகவேல் (27 செப்டம்பர்)

இதுவரை நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

ஸ்கிராப் நிலையத்தில் ஆர்சி அசல், ஆதார், ரத்து செய்த காசோலை கேட்டார்கள். முதலில் வாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு, கடன் நிலுவை, சலான், திருட்டுப் புகார் எதுவும் இல்லையா என்று பார்த்தார்கள். எனக்கு அங்கே ஒரு தடங்கல். பதினைந்து ஆண்டுக்கு முன் எடுத்த வங்கிக் கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. வங்கிக் கிளையில் தடையின்மைச் சான்றிதழ் வாங்கி ஆர்டிஓவில் அதை நீக்கிய பிறகுதான் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். உங்களில் யாராவது ஸ்கிராப் செய்வதாக இருந்தால் இன்றே ஆர்சியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

டெபாசிட் சான்றிதழ் நேற்று கையில் வந்தது. அதில் பதிவெண், சேசிஸ் எண், என் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். சேசிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தது, உடனே திருத்திக் கொடுத்தார்கள். ஆர்சி நிலை தளத்தில் இன்னும் மாறவில்லை. மாறியதும் அதன் அச்சுப்பிரதியையும் சான்றிதழையும் இணைத்து, ரீஃபண்ட், என்சிபி கடிதம் இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கேட்கப் போகிறேன். ஆயுத பூஜைக்குள் முடியாவிட்டால் புது வண்டியை ஒரு வாரம் தள்ளிப்போட மனைவியும் சம்மதித்துவிட்டார்.

---

பாலகிருஷ்ணன் (27 செப்டம்பர்)

நல்ல வேலை செய்தீர்கள். சேசிஸ் எண்ணில் பிழை இருந்திருந்தால் இன்சூரன்ஸ் அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கும். மின்னஞ்சலில் ரத்து தேதியை நீங்களே குறிப்பிடுங்கள், ஆர்சி ரத்தான நாளைப் போடச் சொல்லுங்கள். அவர்கள் கடிதம் கிடைத்த நாளைத்தான் எடுப்போம் என்று சொல்லக்கூடும். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை வேறுபடுகிறது. பாதுகாப்பு இல்லாத நாள் ஒன்றுகூட வராமல் இருந்தால் நான்கைந்து நாள் பிரீமியத்துக்குச் சண்டை போட வேண்டாம் என்பது என் கருத்து.

---

ரவிச்சந்திரன் (28 செப்டம்பர்)

நான் அந்த விஷயத்தில் உடன்பட மாட்டேன். ஆர்சி ரத்தான நாள் அரசுத் தளத்தில் பதிவாகி இருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு வண்டியே இல்லை, ஆபத்தும் இல்லை. பிறகு எதற்கு அவர்கள் பணம் எடுக்க வேண்டும்? முருகவேல், பணம் வந்ததும் எந்தத் தேதியை எடுத்தார்கள் என்று அவசியம் எழுதுங்கள். என் மைத்துனரின் டெம்போவுக்கு அதே நிறுவனம்தான்.

---

முருகவேல் (28 செப்டம்பர்)

கட்டாயம் எழுதுகிறேன் அண்ணா. என்சிபி கடிதம் எத்தனை நாளில் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.